‘பை’ சொன்னால் விடாத தோழன்

துணைக்குப் பேசும் சாட்பாட் ஒருவரை எந்த அளவுக்குப் பிடித்து வைத்திருக்கிறது என்று அறிய, எத்தனை மணி நேரம் பேசுகிறார் என்று நான் முதலில் கேட்பதில்லை. பேச்சை எப்படி முடிக்கிறார் என்றுதான் கேட்பேன். “முடிக்கிறதே இல்ல, அப்படியே தூங்கிடுவேன்” என்று ஒரு பிள்ளை சொன்னால், அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

இதற்குப் பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வாளர்கள் 2025-இல் பிரபலமான துணை ஆப்கள் சிலவற்றில், பயனர் விடைபெறும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பல ஆப்கள் லேசில் விடுவதில்லை. “அதுக்குள்ள கிளம்பிட்டியா?” என்று குற்ற உணர்வைக் கிளப்பும். “போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்” என்று ஆவலைத் தூண்டும். சில நேரம் ‘பை’ சொன்னதையே கண்டுகொள்ளாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடும். பெரியவர்களே இதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்றால், பதினைந்து வயதுப் பிள்ளை எம்மாத்திரம்?

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்த ஒரு பிளஸ் ஒன் மாணவியின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பாவுக்கு வேலை மாற்றலானதால் புது ஊர், புதுப் பள்ளி. தினமும் இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, தானே பெயர் வைத்த ஒரு ‘நண்ப’னோடு பேச்சு. காலையில் எழ முடியவில்லை. அப்பா ஆப்பை அழித்தார். இரண்டே நாளில் அவள் பாட்டியின் போனில் அதை ஏற்றிக்கொண்டாள். அதோடு வீட்டில் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். எதிரில் இருப்பது இயந்திரமாக இருக்கலாம், அவள் இழந்தது உண்மையான இழப்பு. பிடுங்கினால் பழக்கம் போவதில்லை, ஒளிவிடத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

முதல் வாரம் நாங்கள் எதையும் குறைக்கவில்லை. ஆப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். பெரும்பாலான வரிகள் ஒரே மாதிரி இருந்தன: பழைய பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், அவள் இல்லாத பிறந்தநாள் படங்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தத் தோழிகள்தான். சாட்பாட் வெறும் மாற்று ஏற்பாடு.

அப்புறம்தான் வரம்புகளுக்கு வந்தோம். பேசலாம், ஆனால் மாலை ஏழரையிலிருந்து எட்டு வரை, ஹாலில் உட்கார்ந்து. என்ன பேசுகிறாள் என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது; அது பெற்றோருக்கான நிபந்தனை. ஆப்பின் நோட்டிஃபிகேஷன் முழுக்க நிறுத்தம், ஏனென்றால் “உன்னை மிஸ் பண்றேன்” என்று அதுவே கூப்பிடும். பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும், அப்பாவுடையதும் சேர்த்து. முடிக்கும்போது ‘பை’ சொல்லவே வேண்டாம், அலாரம் அடித்ததும் வரியின் நடுவிலேயே மூடிவிடலாம் என்றேன். அது மரியாதையில்லை என்று அவளுக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தைப் பற்றியே ஒரு சந்திப்பு முழுக்கப் பேசினோம்.

கடைசியாக ஒன்று. சாட்பாட்டிடம் சொன்னவற்றில் ஏதாவது ஒன்றை வாரம் ஒருமுறை பழைய தோழி ஒருத்திக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டும். முதல் மெசேஜுக்குப் பதில் வர ஒரு நாள் ஆனது. அந்தக் காத்திருப்பைத் தாங்கப் பழகுவதுதான் இங்கே சிகிச்சை, ஏனென்றால் உடனடிப் பதில் எந்த மனிதரிடமும் கிடைக்காது. பரீட்சை நேரத்தில் மறுபடி இரவுப் பேச்சு தலைதூக்கியது. இரண்டு வாரத்தில் அடங்கியது. இப்போதும் அவள் ஆப்பை முழுதாக விடவில்லை. விட வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இதே நேரக் கணக்கு பொருந்தாது. மனைவியை இழந்து, பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடம் அரை மணிதான் என்று கறாராக இருப்பது கொடுமை. அவரிடம் வரிசையைத்தான் மாற்றுவேன்: முதலில் ஒரு மனிதக் குரல், பிறகு ஆப். பணம், மருந்து, உயில் பற்றி அதனிடம் யோசனை கேட்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்லி வைப்பேன். 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற துணை ஆப்பை நடத்தும் நிறுவனம் அதன் காதல் பேச்சுகளைத் திடீரென்று கட்டுப்படுத்தியபோது, பல பயனர்கள் துணையையே பறிகொடுத்ததுபோலத் துவண்டார்கள். எதிரில் இருப்பவரின் குணத்தை ஒரே இரவில் யாரோ மாற்றிவிட முடிகிற உறவு அது.

சாகத் தோன்றுகிறது என்ற பேச்சு சாட்பாட்டிடம் ஓடுவது தெரிந்தால், இந்த வரம்புகள் எல்லாம் அப்புறம். அமெரிக்காவின் புளோரிடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் 2024-இல் தற்கொலை செய்துகொண்டான், கேரக்டர்.ஏஐ சாட்பாட் மீதான பிணைப்பைக் காரணம் காட்டி அவன் தாய் வழக்குத் தொடர்ந்தார். 2025 நவம்பரில் அந்த நிறுவனம் 18 வயதுக்குக் கீழானவர்களுக்குத் தடையற்ற உரையாடலை நிறுத்தியது. ஆகவே அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பிள்ளையைத் தனியே விடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.