கவுண்டரில் ஒரு விலை, கைப்பேசியில் ஒரு விலை

கடைகளுக்கு பில்லிங் மென்பொருளும் ஆன்லைன் விற்பனையும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். விலை வித்தியாசம் பற்றிப் பேச்சு எடுத்தாலே கடைக்காரர்கள், "ஆன்லைன் செலவு வேற, கடைச் செலவு வேற, விலை எப்படி ஒண்ணா இருக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய வாடிக்கையாளர் மனம் நோகும் இடத்தைப் போய்ப் பார்த்தால், அங்கே பெரும்பாலும் ‘முதல் ஆர்டர் தள்ளுபடி’தான் நிற்கிறது.

ஒரு பொருளின் விலை 1000 என்று வைத்துக்கொள்வோம். கடையிலும் 1000, கடையின் இணையதளத்திலும் 1000. தளத்தைத் திறந்ததும் "முதல் ஆர்டருக்கு 15 சதவீதம் தள்ளுபடி" என்று வருகிறது, விலை 850 ஆகிவிடுகிறது. வருடக்கணக்காகக் கடைக்கு வரும் ஒருவர், 1000 கொடுத்து வாங்கிய மறுநாள் இதைப் பார்க்கிறார். டெலிவரிக்குத் தனியாக 60 சேரும் என்பது பணம் கட்டும் பக்கம் வரை போனால்தான் தெரியும். அவ்வளவு தூரம் யார் போவார்கள்? நேற்று வந்தவனுக்கு 150 குறைவு, எனக்கு இல்லை என்பதுதான் அவர் மனதில் பதியும். அவர் வந்து சண்டை போட்டால் நல்லது. பலர் ஒன்றும் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, இந்த விற்பனையில் கடைக்காரருக்கு என்ன மிஞ்சுகிறது? 850-உடன் டெலிவரிக்கு வாங்கிய 60 சேர்த்து 910 வருகிறது. கூரியருக்கு 80, பேக்கிங்குக்கு 25, பணம் செலுத்தும் சேவைக்கு 2 சதவீதம் என்றால் 18 போக, கையில் நிற்பது 787. அதே சலுகையை "முதல் ஆர்டருக்கு டெலிவரி இலவசம்" என்று மாற்றினால், 1000-இல் 80, 25, 20 கழித்து 875 நிற்கும். புதியவருக்கும் ஏதோ கிடைத்தது, பொருளின் விலையும் இரண்டு இடத்திலும் 1000-ஆகவே இருக்கிறது. கவுண்டரில் வாங்குபவருக்கு டெலிவரியே தேவையில்லை என்பதால், இந்தச் சலுகை அவரை உறுத்தாது. தள்ளுபடிதான் கொடுத்தாக வேண்டுமென்றால், அதே தள்ளுபடிக் கூப்பனைக் கவுண்டரிலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யாரும் திட்டமிடாமலே விலை பிரிந்துபோவது. அலமாரிச் சீட்டு, பில்லிங் மென்பொருள், தளம் என விலை மூன்று இடத்தில் இருக்கிறது. கொள்முதல் விலை ஏறியதும் பில்லிங்கில் மாற்றுகிறார்கள், தளத்தை மறந்துவிடுகிறார்கள். தளத்தில் சலுகை நள்ளிரவில் தானாக முடிந்துவிடுகிறது, அலமாரியில் சலுகைச் சீட்டு அப்படியே தொங்குகிறது. பொருளின் பெயரை வைத்து விலையை இணைத்தால் இன்னொரு சிக்கலும் வரும்: சின்ன பாக்கெட்டின் விலை பெரிய பாக்கெட்டில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் அளவுக்கு ஒன்றாக ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் குறியீட்டு எண் வேண்டும். விலையை ஒரே இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும், மற்ற இடங்கள் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பில்லிங் மென்பொருளே அந்த இடமாக இருப்பது வசதி.

இணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. வாரம் ஒருமுறை, அதிகம் விற்கும் 20 பொருள்களை எடுத்துப் பாருங்கள். சீட்டைப் படித்து, பில் போடும் திரையில் ஸ்கேன் செய்து, தளத்தில் கூடையில் போட்டுக் கடைசிப் பக்கம் வரை போக வேண்டும். பொருள் பக்கத்தில் தெரியும் விலையோடு நிறுத்தினால் தள்ளுபடியும் டெலிவரிக் கட்டணமும் கண்ணில் படாது. தளத்தில் லாகின் செய்யாமல் ஒருமுறை, பழைய வாடிக்கையாளர் கணக்கில் ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது. இரண்டிலும் வேறு வேறு விலை வருவதைக் கடைக்காரரே அப்போதுதான் முதல்முறை பார்ப்பார்.

பல விற்பனையாளர்கள் விற்கும் பெரிய ஆன்லைன் சந்தைகளில் நம் கை ஓங்காது. அங்கே கமிஷன் இருப்பதால் விலை கூடலாம், சில சமயம் அந்தச் சந்தையே தன் பணத்தில் தள்ளுபடி கொடுத்துக் குறைக்கலாம். அந்த விலையோடு கவுண்டர் விலையை ஒட்டவைக்கப் பார்த்தால் நஷ்டம்தான். அங்கே வேறு பாக்கெட் அளவிலோ, செட்டாகவோ விற்றால் நேரடி ஒப்பீடு குறையும்.

எவ்வளவு செய்தாலும் ஒருநாள் ஒருவர் கைப்பேசியை நீட்டத்தான் செய்வார். நம் சொந்தத் தளத்தின் விலை என்றால் பில் போடுபவரே அந்த விலைக்குக் கொடுக்க அதிகாரம் இருக்க வேண்டும். "முதலாளியைக் கேட்கணும்" என்று வரிசையில் நிற்க வைப்பதுதான் அவமானம். வாங்கி 7 நாளுக்குள் குறைந்த விலையைக் காட்டினால் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அப்புறம் பொருள், இரண்டு விலைகள், காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரே பொருள் இரண்டாம் முறை அந்த நோட்டில் வந்தால், அதன் விலை எங்கோ இணையாமல் கிடக்கிறது. அன்றே தேடிச் சரிசெய்துவிடுங்கள்.