கோடு ஏன் முறுக்கிய கயிறு மாதிரி தெரிகிறது?

கறுப்புப் பின்னணியில் வரைபடம் காட்டும் மென்பொருள்களைச் சோதிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, ஏறக்குறைய படுக்கையாகப் போகும் கோடுகளைத்தான். ஒரு அறையின் வெப்பநிலை மெதுவாக ஏறுகிறது என்று வையுங்கள். கோடு வழவழப்பாக இருக்க வேண்டும். ஆனால் பல திரைகளில் அது முறுக்கிய கயிறு மாதிரி, சீரான இடைவெளியில் மங்கியும் பளிச்சென்றும் தெரியும். பார்ப்பவர் அளவீடே ஆடுகிறது என்று நினைத்துவிடுவார்.

பிக்சலை ஒன்று முழுதாக ஏற்றுவது, இல்லை விட்டுவிடுவது என்ற பழைய முறையில் கோடு படிக்கட்டாகத் தெரியும். அதற்கு மாற்றாகக் கோடு ஒரு பிக்சலின் எவ்வளவு பரப்பை மூடுகிறதோ அந்த அளவுக்கு நிறம் கொடுக்கிறோம். 1991-இல் சியாவோலின் வூ வெளியிட்ட முறை இதை மிக மலிவாகச் செய்கிறது: ஒவ்வொரு நெடுவரிசையிலும் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு பிக்சல்களுக்கு, தூரத்தைப் பொறுத்து ஒளியைப் பங்கு போடுகிறது.

(0,0)-இலிருந்து (40,2) வரை ஒரு வெள்ளைக் கோடு வரைவோம். 20 பிக்சலுக்கு ஒரு பிக்சல் ஏற்றம். x=0-இல் கோடு சரியாக ஒரே பிக்சலின் நடுவில் இருக்கிறது; அதற்கு முழுப் பங்கு. x=5-இல் y=0.25, ஆகவே பங்கு 0.75, 0.25. x=10-இல் ஆளுக்குப் பாதி. கூட்டினால் எப்போதும் 1. கணக்கில் குறையே இல்லை.

குறை அடுத்த வரியில் வருகிறது. பாதிப் பங்கு என்றதும் பெரும்பாலானோர் முழு வெள்ளையின் எண்ணான 255-இல் பாதி, அதாவது 128 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் sRGB திரையில் எண்ணும் ஒளியும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை; 128 என்பது முழு ஒளியில் சுமார் 22 சதவீதம்தான். இரண்டு பிக்சலும் சேர்ந்து 43 சதவீதம். x=5-இல் 191, 64 என்று எழுதினால் சேர்ந்து வருவது சுமார் 57 சதவீதம். x=0-இல் 100, x=10-இல் 43, x=20-இல் மறுபடி 100. கயிற்றின் முறுக்கு இதுதான். சரிவு குறையக் குறைய முறுக்கின் நீளம் கூடும், அதனால் கண்ணில் இன்னும் நன்றாகப் படும். படுக்கைக்கும் 45 பாகைக்கும் நடுவிலான சரிவில் அது மிக நெருக்கமாக வருவதால் ஓரளவு மறைந்துவிடும்.

மூடிய பரப்பு ஒளியின் பங்கு. பைட்டின் பங்கு அல்ல. ஆகவே கலப்பதை ஒளியின் உண்மை அளவில், அதாவது நேரியல் ஒளியில் செய்துவிட்டு, அப்புறம் sRGB-க்கு மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் பாதிக்கு 188, முக்காலுக்கு 225, காலுக்கு 137 வரும். OpenGL-இல் வரைதளம் sRGB வடிவில் இருந்து `GL_FRAMEBUFFER_SRGB` இயக்கப்பட்டிருந்தால் கலப்பை அதுவே இப்படிச் செய்துவிடும். ஷேடரிலும் மாற்றி, அங்கேயும் மாறினால் கோடு தேவைக்கு மேல் வெளிறும். இதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கோளாறு சரிவில் இருக்கிறது. வூவின் முறை நெடுவரிசைக்கு 1 என்ற கணக்கில்தான் ஒளி தருகிறது. 45 பாகைக் கோட்டில் ஒரு நெடுவரிசைக்குள் 1.41 பிக்சல் நீளம் அடங்குகிறது. அதே ஒளி கூடுதல் நீளத்துக்குப் பரவுவதால் தடிமன் 0.71 பிக்சலாகச் சுருங்கி, சாய்ந்த கோடு மெலிந்து தெரியும். செங்குத்துத் தூரத்துக்குப் பதிலாகக் கோட்டிலிருந்து நேர்க்குறுக்குத் தூரத்தை எடுக்க வேண்டும். `m` சரிவு, `w` தடிமன், `py` பிக்சலின் y, `lineY` அந்த நெடுவரிசையில் கோட்டின் y, `bg` பின்னணி நிறம், `fg` கோட்டின் நிறம்:

```glsl
float d = abs(py - lineY) / sqrt(1.0 + m*m);
float a = clamp(w*0.5 + 0.5 - d, 0.0, 1.0);
vec3 c  = mix(toLinear(bg), toLinear(fg), a);
color   = toSRGB(c);
```

இதற்கு நெடுவரிசைக்கு இரண்டு பிக்சல் போதாது, 45 பாகையில் மூன்று வேண்டும். இது தோராயக் கணக்குதான். 45 பாகையில், `w` 1 என்றால், பக்கத்துப் பிக்சலுக்கு 0.29 தரும், உண்மையில் மூடிய பரப்பு 0.25. வரைபடக் கோடுகளுக்கு இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, உங்கள் மென்பொருளில் எந்தக் கோளாறு இருக்கிறது? ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் கோடுகள் போட்டு, கறுப்பில் வெள்ளையாக ஒருமுறை, வெள்ளையில் கறுப்பாக ஒருமுறை பாருங்கள். பெரிதாக்கிப் பார்க்காதீர்கள், இயல்பான அளவிலேயே பாருங்கள். கறுப்புப் பின்னணியில் மங்கிய அதே இடங்கள் வெள்ளைப் பின்னணியில் தடித்துத் தெரிந்தால் கலக்கும் முறைதான் காரணம்: x=10 போன்ற இடத்தில் இரண்டு 128-உம் சேர்ந்து, ஒரு பிக்சலுக்குரிய இருட்டைப் போல 1.57 மடங்கு இருட்டைத் தருகின்றன. இரண்டு பின்னணியிலும் சாய்ந்த கோடுகள் மட்டும் மெலிந்திருந்தால் தூரக் கணக்கைத் திருத்துங்கள்.

கலப்பைச் சரிசெய்ததும் வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகள் முன்பைவிட மெலிந்துபோயின என்று புகார் வரும். அவர்கள் பழகியிருந்தது அந்தக் கூடுதல் இருட்டுக்கு. அப்போது பழைய கலப்புக்குத் திரும்ப வேண்டாம், `w`-ஐச் சற்று கூட்டிக் கொடுங்கள்.