துடுப்பு போன்ற விலா எலும்புகள்

நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தேவிபட்டினத்துக்கு அருகிலுள்ள கடற்கரைக் கிராமத்திலிருந்து அவளுடைய பெற்றோர் சிகிச்சைக்காக என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள். எடை 12 கிலோ, உயரம் 88 செ.மீ.; அந்த வயதுப் பெண் குழந்தைகள் ஏறக்குறைய 100 செ.மீ. இருப்பார்கள். வயிறு பெருத்து, தொப்புள் பிதுங்கியிருந்தது. மூக்கு எப்போதும் ஒழுகியது, இரவில் குறட்டை விட்டாள். நெற்றி புடைத்து, மூக்கின் பாலம் அமுங்கி, உதடும் நாக்கும் தடித்து, முகம் அக்காவின் முகத்தைப் போல் இல்லாமல் கனத்துத் தெரிந்தது. விரல்கள் பாதி மடங்கியே நின்றன. கையை மேசைமீது விரித்து வைக்கச் சொன்னால் உள்ளங்கை மேசையில் படவில்லை. ஆனால் சுவரிலிருந்த படங்களையெல்லாம் பெயர் சொல்லி அடையாளம் காட்டினாள், ஐம்பது வரை எண்ணினாள்.

"ஒரு வயசு வரைக்கும் மூத்தவ மாதிரியேதான் சார் இருந்தா" என்று தாய் கைபேசியில் பழைய படங்களைக் காட்டினார். ஆறாம் மாதம், முதல் பிறந்தநாள், இரண்டாம் ஆண்டுத் திருவிழா என்று படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தபோது முகம் மெல்ல மெல்ல மாறியது தெரிந்தது. இந்த வகை நோய்களுக்கு அந்த வரிசை ஒரு நல்ல சான்று. பிறவியிலேயே தோற்றம் மாறியிருக்கும் குறைபாடுகளில் முதல் படமே வேறுபட்டிருக்கும். இங்கே குழந்தை இயல்பாகப் பிறக்கிறது. உடலுக்குள் ஏதோ ஒன்று நாள்தோறும் சேர்ந்துகொண்டே போவதால் மாற்றம் பிறகு வருகிறது.

சேர்வது சர்க்கரைச் சங்கிலிகள். நம் தோல், குருத்தெலும்பு, இதய வால்வு, கருவிழி ஆகியவற்றில் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள இடத்தைக் கிளைக்கோசமினோகிளைக்கன் எனப்படும் நீண்ட சங்கிலிகள் நிரப்புகின்றன. நீரைப் பிடித்துவைத்து, அழுத்தத்தைத் தாங்கும் பசை அது. பழையதான சங்கிலியை உயிரணு உள்ளே இழுத்து, லைசோசோம் என்ற சிறு பைக்குள் போட்டுச் சிதைத்து, அந்தச் சர்க்கரையை மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. சிதைக்கும் முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இராமேசுவரம் கடைகளில் தொங்கும் சிப்பி மாலையின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையிலிருந்து மட்டும் ஒவ்வொரு சிப்பியாக உருவ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிப்பி சிக்கிக்கொண்டால் அதற்குப் பின்னால் இருப்பவை அனைத்தும் அப்படியே நின்றுவிடும். லைசோசோமிலும் நொதிகள் சங்கிலியின் முனையிலிருந்துதான் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன; ஒன்று இல்லையென்றால் அடுத்த நொதி நலமாக இருந்தும் அதற்கு வேலை வந்து சேர்வதில்லை.

இச்சிறுமிக்கு இல்லாமல் போனது அரைல்சல்ஃபடேஸ் பி என்ற நொதி. டெர்மட்டான் சல்ஃபேட் என்ற சங்கிலியின் முனையில் நிற்கும் ஒரு சர்க்கரையிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றுவதே அதன் வேலை. இந்நோயை 1963-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மரோட்டோ, லாமி ஆகியோர் விவரித்தார்கள்; இந்தச் சங்கிலிகள் தேங்குவதால் வரும் மியூக்கோபாலிசாக்கரிடோசிஸ் என்ற நோய் வரிசையில் இது ஆறாம் வகை. இதே வரிசையின் முதல் வகையான ஹர்லர் நோயில் டெர்மட்டானுடன் ஹெப்பரான் சல்ஃபேட்டும் தேங்குகிறது. மூளையைப் பாதிப்பது பெரும்பாலும் ஹெப்பரான்தான். ஆறாம் வகையில் அது தேங்குவதில்லை என்பதால் எலும்பும் முகமும் ஹர்லரைப் போலவே இருக்க, அறிவு மட்டும் தப்பிவிடுகிறது. அவள் ஐம்பது வரை எண்ணியதற்கு இதுவே காரணம். முகத்தைப் பார்த்தவுடன் "மந்தமான பிள்ளை" என்று முடிவு கட்டிப் பள்ளியில் சேர்க்காமல் விடும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தேங்கிய சரக்கால் உயிரணு வீங்குகிறது. கல்லீரலும் மண்ணீரலும் பெருத்து வயிறு முன்தள்ளுகிறது, தொண்டைச் சதை தடித்துக் குறட்டை வருகிறது, கருவிழி மங்குகிறது, மூட்டு உறைகள் தடித்து விரல்கள் மடங்கி நிற்கின்றன. மூட்டுவாத நோயிலும் விரல்கள் மடங்கும், ஆனால் அதில் வீக்கமும் வெம்மையும் காலை நேர வலியும் இருக்கும். இங்கே மூட்டு குளிர்ந்தே இருக்கும், காய்ச்சல் இராது.

எலும்பின் கதை சற்று வேறு. குழந்தையின் எலும்பு நீள்வது அதன் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டில். அங்கே குருத்தெலும்பு உயிரணுக்கள் நேர் நெடுவரிசையில் அடுக்கி நின்று, பெருகி, முதிர்ந்து, எலும்புக்கு இடம் விடுகின்றன. சரக்கு நிறைந்த உயிரணுக்கள் வரிசை குலைந்து நிற்பதால் நீளம் கூடுவது நின்றுபோகிறது. அகலம் மட்டும் தாறுமாறாகக் கூடுகிறது. தேங்கிய டெர்மட்டான், கிருமியின் நச்சை அடையாளம் காணும் உடலின் காவல் அமைப்பைத் தவறாகத் தூண்டி அழற்சியையும் உண்டாக்குவதால், குருத்தெலும்பு மேலும் அரிக்கப்படுகிறது.

இதன் தடம் எக்ஸ்ரேயில் பட்டவர்த்தனமாகத் தெரியும். மார்புப் படத்தை விளக்குப் பலகையில் வைத்து, படகோட்டியான தந்தையிடம், "இந்த விலா எலும்பு எது மாதிரி இருக்கிறது?" என்று கேட்டேன். "துடுப்பு மாதிரி இருக்கு சார்" என்றார். மருத்துவ நூல்களும் அப்படியேதான் சொல்கின்றன: முதுகெலும்போடு சேருமிடத்தில் கைப்பிடிபோல் ஒடுங்கி, முன்பக்கம் துடுப்பின் தட்டைப் பகுதிபோல் அகன்ற விலா. பக்கவாட்டுப் படத்தில் இடுப்புக்குச் சற்று மேலே உள்ள முள்ளெலும்பு ஒன்றின் முன்மேல் பகுதி வளராமல், கீழ்விளிம்பு மட்டும் கொக்கிபோல் நீண்டிருந்தது. அவள் உட்காரும்போது முதுகு அங்கே கூன் விழுந்தது. கைப்படத்தில் உள்ளங்கை எலும்புகள் குட்டையாகத் தடித்து, மணிக்கட்டுப் பக்கம் கூராகக் குவிந்திருந்தன. இந்த மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தால் இந்தத் தேக்க நோய்களைத் தவிர வேறு நோயை நினைப்பது கடினம்.

ஆயினும் இவள் வேறொரு மருத்துவமனையில் ஓராண்டு கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிட்டிருந்தாள், எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ் என்று நினைத்து. ரிக்கெட்ஸில் மணிக்கட்டு எலும்பின் முனை கிண்ணம்போல் குழிந்து விளிம்பு மங்கும், இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி உயரும். முகம் தடிக்காது, கல்லீரல் பெருக்காது. இன்னொரு வேடதாரி தைராய்டு குறைபாடு. அதிலும் தடித்த நாக்கு, பிதுங்கிய தொப்புள், குட்டை உருவம் எல்லாம் உண்டு. அது மாத்திரையால் தீர்வது என்பதால் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனையை முதலில் செய்து விலக்கிவிட வேண்டும்.

உறுதி செய்வது இரண்டு படிகளில் நடக்கிறது. சிறுநீரில் இந்தச் சங்கிலிகள் எவ்வளவு வெளியேறுகின்றன என்று அளந்து, சிறுநீரில் வரும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் படி. வகை பிரிக்கும்போது டெர்மட்டான் மேலோங்கி நின்றால் ஆறாம் வகைமீது சந்தேகம் வலுக்கும். இரண்டாவது படி, வெள்ளணுக்களில் நொதியின் வேகத்தை அளப்பது. அதில் கடற்கரை ஊர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நொதி ஒரு புரதம், வெப்பத்தில் கெடும். இராமநாதபுரத்தில் மாலையில் எடுத்த இரத்தம் இரவு வண்டியில் சென்னை போய்ச் சேர்வதற்குள் சூடேறினால், நலமான குழந்தையின் நொதியும் குறைந்தே காட்டும். வடிதாள் அட்டையில் சொட்டி அனுப்பலாம் என்றால், நம் உப்புக் காற்றின் ஈரம் அட்டையை உலர விடாது. மூன்று, நான்கு மணி நேரம் நன்கு உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் உறையிட்டால்தான் முடிவை நம்பலாம். எனவே ஆய்வகம் அதே இரத்தத்தில் தொடர்பில்லாத இன்னொரு லைசோசோம் நொதியையும் அளக்கிறது. அதுவும் குறைந்திருந்தால் மாதிரி கெட்டுவிட்டது என்று பொருள். சல்ஃபேட்டைக் கழற்றும் நொதிகளான சல்ஃபடேஸ்களில் மற்றொன்றையும் அளப்பார்கள். எல்லாச் சல்ஃபடேஸ்களும் ஒருசேரக் குறையும் வேறொரு நோய் உண்டு, அது இதைவிடக் கடுமையானது. இவளுக்கு அரைல்சல்ஃபடேஸ் பி மட்டுமே ஏறத்தாழ இல்லை, மற்ற இரண்டும் இயல்பாக இருந்தன.

பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். இருவருக்கும் நோய் இல்லை, ஏனெனில் ஒரு பழுதற்ற மரபணு இருந்தாலே பாதி நொதி கிடைக்கும், பாதியே போதும். இருவரும் பழுதைக் கொடுத்தால் மட்டும் நோய். ஒவ்வொரு கருவுக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்தில் கட்டுவதால் என்ன கூடுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். கற்பனையாக, இருநூறு பேரில் ஒருவர் பழுதைச் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். உறவில்லாதவர் மணந்தால் நோய்க்கான வாய்ப்பு 1,60,000-இல் ஒன்று. அத்தை, மாமன் மக்கள் மணந்தால் ஏறத்தாழ 6,000-இல் ஒன்று. தாய்மாமனை மணந்தால் ஏறத்தாழ 3,000-இல் ஒன்று. பெரும்பாலான சொந்தத் திருமணங்களில் குழந்தைகள் நலமாகவே பிறப்பதையும், இத்தகைய அரிய நோயுள்ள வீடுகளில் சொந்தத் திருமணம் அடிக்கடி தென்படுவதையும் ஒரே கணக்கு விளக்கிவிடுகிறது.

மருந்து இருக்கிறது, அதற்கு அடித்தளம் ஒரு வியப்பான கண்டுபிடிப்பு. 1968-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் எலிசபெத் நியூஃபெல்டும் உடன் பணியாற்றியவர்களும் ஹர்லர் நோயாளியின் தோல் உயிரணுக்களையும் இதே வரிசையின் இரண்டாம் வகையான ஹன்டர் நோய் உள்ளவரின் உயிரணுக்களையும் ஒரே தட்டில் வளர்த்தபோது இரண்டும் நலமடைந்தன. ஒன்று கசியவிட்ட நொதியை மற்றொன்று எடுத்துக்கொண்டது. நொதியின்மீது ஒட்டியிருக்கும் மன்னோஸ்-6-பாஸ்பேட் என்ற அடையாளமே அதை லைசோசோமுக்குக் கொண்டுசேர்க்கும் முகவரி என்பது பின்னர் தெரிந்தது. அந்த முகவரியோடு ஆய்வகத்தில் உருவாக்கிய நொதியான கால்சல்ஃபேஸ் 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், வாரம் ஒருமுறை, நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டியே ஒரு மருந்து உண்டு. 12 கிலோ குழந்தைக்கு 12 மில்லிகிராம். ஒரு குப்பியில் 5 மில்லிகிராம்தான், ஆகவே வாரம் மூன்று குப்பி, ஆண்டுக்கு 156. எடை கூடக்கூட இதுவும் கூடும். 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். வாழ்நாள் முழுதும் தேவைப்படும் மருந்துக்கு அந்தத் தொகை நெடுங்காலம் தாங்காது.

மருந்து எங்கே போகும், எங்கே போகாது என்பதைப் பெற்றோருக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இரத்தம் தாராளமாகப் பாயும் கல்லீரலும் மண்ணீரலும் சுருங்கும், நடை நீளும், மூச்சு இலகுவாகும். வளர்ச்சித் தட்டுக்கும் கருவிழிக்கும் இரத்தக் குழாயே கிடையாது. அங்கே நொதி மிகக் குறைவாகவே எட்டும். உருவான துடுப்பு விலா மீண்டும் மெலியாது. ஆஸ்திரேலியாவில் ஒரே வீட்டின் இரு குழந்தைகளில் இளையதற்கு எட்டு வாரத்திலேயும் மூத்ததற்கு மூன்றரை வயதுக்கு மேலும் சிகிச்சை தொடங்கினார்கள். இளையதன் முகம் தடிக்கவில்லை, மூட்டுகள் இயல்பாக மடங்கின, முதுகு வளையவில்லை. ஆனால் எலும்பு மாற்றங்களும் கருவிழி மங்கலும் அதற்கும் வந்தே தீர்ந்தன.

அன்று நான் அவசரமாக எழுதிக்கொடுத்தது மருந்துச் சீட்டு அல்ல. தொப்புள் பிதுக்கத்துக்கு அடுத்த மாதம் அறுவை செய்ய வேறோர் ஊரில் நாள் குறித்திருந்தார்கள். இந்நோயில் மூச்சுப்பாதை குறுகி, தாடை இறுகி, கழுத்து முள்ளெலும்புகளுக்குப் பின்னுள்ள சவ்வு தடித்துத் தண்டுவடத்தை நெருக்கியிருக்கும். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகக் கழுத்தைப் பின்னால் வளைத்தால் கை கால் செயலிழக்கலாம், குழாய் நுழையாமலும் போகலாம். கழுத்தின் எம்.ஆர்.ஐ. பார்க்காமல், மூக்குவழிக் குழல்நோக்கியும் அதில் பழகிய மயக்கவியல் நிபுணரும் இல்லாத இடத்தில் எந்த அறுவையும் கூடாது என்று நோயின் பெயரோடு பெரிய எழுத்தில் எழுதினேன். தந்தை அதைப் படகின் பதிவுச் சான்றை வைத்திருந்த நீர் புகாத உறைக்குள் மடிக்காமல் வைத்துக்கொண்டார். பிறகு, வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை ஒன்று இருப்பதாகவும், அதையும் நாளைக்கே கொண்டுவரலாமா என்றும் கேட்டார்.