ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு?

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை பெரும்பாலும் முக்கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். அதை எரித்தால் 2.3 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும் என்று சொன்னால், முதல் தடவை கேட்கிறவர்களுக்குக் கணக்கு எங்கேயோ உதைப்பது போலத்தான் இருக்கும். உள்ளே போனதைவிட மூன்று மடங்கு எடை எப்படி வெளியே வரும்?

பெட்ரோல் மட்டும் உள்ளே போகவில்லை, காற்றும் போகிறது. நாம் டேங்க்கை மட்டும் பார்ப்பதால் அது கண்ணில் படுவதில்லை. கார்பன் அணுவின் எடை 12 என்றால் ஆக்சிஜன் அணுவின் எடை 16. ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு வெளியேறும்போது மொத்தம் 44. அதாவது எரிபொருளில் இருக்கும் ஒவ்வொரு கிராம் கார்பனும் 44/12, சுமார் 3.67 கிராம் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. எஞ்சின் பெரிதா சிறிதா, வண்டி பழசா புதுசா என்பதெல்லாம் இந்த எண்ணைத் தொடவே தொடாது. நல்ல எஞ்சின் அதே லிட்டரில் அதிக தூரம் போகும், அவ்வளவுதான்; எரிந்த லிட்டருக்கான கணக்கு மாறாது.

அப்படியானால் கேள்வி ரொம்பச் சுருங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் எத்தனை கிராம் கார்பன் இருக்கிறது? அது தெரிந்தால் வேலை முடிந்தது.

```
CO₂ (கிலோ/லிட்டர்) = அடர்த்தி (கிலோ/லிட்டர்) × கார்பன் பங்கு × 44/12
```

பாடப் புத்தகப் பழக்கத்தில் எல்லோரும் செய்வது, பெட்ரோல் என்றால் ஆக்டேன், C₈H₁₈ என்று வைத்துக்கொள்வது. எட்டுக் கார்பன் 96, பதினெட்டு ஹைட்ரஜன் 18.1, மொத்தம் 114.1. கார்பன் பங்கு 84.1 சதவீதம். ஒரு கிலோ ஆக்டேன் எரிந்தால் 3.08 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இதுவரை சரி. லிட்டருக்கு மாற்றத்தான் அடர்த்தி வேண்டும், அங்கேதான் ஆளுக்கொரு விடை வருகிறது. ஆக்டேனின் ஒரு வடிவமான, அதே C₈H₁₈ வாய்பாடு கொண்ட ஐசோ ஆக்டேனின் சொந்த அடர்த்தியான 0.692-ஐப் போட்டால் 2.13 கிலோ. பெட்ரோலின் வழக்கமான அடர்த்தியான 0.745-ஐப் போட்டால் 2.30 கிலோ. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பயன்படுத்தும் எண்ணோ ஒரு கேலனுக்கு 8,887 கிராம்; அமெரிக்க கேலன் 3.785 லிட்டர் என்பதால் வகுத்தால் லிட்டருக்கு 2.35 கிலோ.

இரண்டாவது விடை உண்மைக்கு அருகில் வந்துவிட்டதால் பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு பொருளின் கார்பன் பங்கை எடுத்து, இன்னொரு பொருளின் அடர்த்தியோடு பெருக்கியிருக்கிறோம். சுத்தமான ஆக்டேனாக இருந்தால் அடர்த்தி 0.745 ஆக இருக்கவே முடியாது. அடர்த்தி ஏறியிருக்கிறது என்றால் ஆக்டேனைவிடக் கனமான ஏதோ ஒன்று உள்ளே கலந்திருக்கிறது, அந்த ஏதோ ஒன்றிலும் கார்பன் இருக்கிறது, அதுவும் அதிகமாகவே இருக்கிறது.

அது அரோமாட்டிக் சேர்மங்கள். பென்சீன் வளையம் கொண்ட டொலுயீன், சைலீன் போன்றவை. பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை, அதில் இவற்றுக்குக் கணிசமான பங்கு உண்டு, ஆக்டேன் எண்ணை உயர்த்துவதில் இவை கெட்டிக்காரர்கள் என்பதால் சுத்திகரிப்பு ஆலைகள் இவற்றைத் தாராளமாகவே சேர்க்கும். டொலுயீன் C₇H₈. ஏழு கார்பனுக்கு எட்டே எட்டு ஹைட்ரஜன். கார்பன் பங்கு 91 சதவீதம், அடர்த்தி 0.867. ஒரு லிட்டர் டொலுயீனை எரித்தால் 2.90 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஐசோ ஆக்டேனின் 2.13-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் அதே ஒரு லிட்டர்தான்!

சரி, ஒரு எளிய மாதிரிப் பெட்ரோலைக் காகிதத்திலேயே கலந்து பார்ப்போம். கன அளவில் 70 சதவீதம் ஐசோ ஆக்டேன், 30 சதவீதம் டொலுயீன். கலக்கும்போது கன அளவு மயிரிழை மாறும், அதை விட்டுவிடலாம். 700 மில்லி ஐசோ ஆக்டேன் 484 கிராம், 300 மில்லி டொலுயீன் 260 கிராம். கூட்டினால் லிட்டருக்கு 0.744 கிலோ. உண்மையான பெட்ரோலின் அடர்த்தி தானாகவே வந்து விழுகிறது. கார்பன் டை ஆக்சைடு? ஐசோ ஆக்டேனிலிருந்து 1.49 கிலோ, டொலுயீனிலிருந்து 0.87 கிலோ, ஆக மொத்தம் 2.36 கிலோ. முகமையின் 2.35-க்கும் இதற்கும் நூலிழை வித்தியாசம்தான். இந்தக் கலவையில் ஒரு கார்பனுக்கு 1.84 ஹைட்ரஜன் இருக்கிறது, கார்பன் பங்கு 86.6 சதவீதம். எஞ்சின் ஆய்வகங்களில் பெட்ரோலை ஆக்டேன் என்று எழுதாமல் சுமாராக CH₁.₈₅ என்று எழுதுவது இதனால்தான். அப்படி ஒரு மூலக்கூறு உலகத்தில் கிடையாது, அது வெறும் சராசரி. ஆனால் கணக்குக்கு அதுவே போதும்.

எடை சரியாக வருகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. இந்த 0.744 கிலோ முழுதாக எரிய 2.51 கிலோ ஆக்சிஜன் தேவை. மொத்தம் 3.25 கிலோ உள்ளே போகிறது. வெளியே வருவது 2.36 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 0.89 கிலோ நீராவி. கூட்டினால் அதே 3.25. (ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட 900 மில்லி தண்ணீரும் பிறக்கிறது. குளிர்ந்த வண்டியைக் கிளப்பியதும் சைலன்சரிலிருந்து சொட்டுவது இதில் ஒரு பங்குதான்.)

அடர்த்தி விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பெட்ரோலுக்கான ஐரோப்பியத் தரநிலை, 15 டிகிரி செல்சியஸில் அடர்த்தி 0.720-லிருந்து 0.775 வரை இருக்கலாம் என்கிறது. இந்த வரம்புக்குள் ஒரு பெட்ரோல் இன்னொன்றைவிடக் கனமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அதன் சேர்மானம், குறிப்பாக அரோமாட்டிக் அளவு. அப்போது கிலோவும் கூடுகிறது, கிலோவுக்குள் இருக்கும் கார்பன் பங்கும் கூடுகிறது, இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன. நமது இரண்டு சேர்மக் கலவையையே 0.720-க்குச் சரிக்கட்டினால் 2.26 கிலோ, 0.775-க்குச் சரிக்கட்டினால் 2.50 கிலோ. அடர்த்தி ஏழெட்டு சதவீதம் ஏறியதற்கு கார்பன் டை ஆக்சைடு பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது.

வெயிலில் அடர்த்தி குறைவது வேறு கதை. பெட்ரோல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் ஒரு சதவீதம் விரியும். 15 டிகிரியில் அளந்த லிட்டருக்கும் 35 டிகிரியில் அளந்த லிட்டருக்கும் இரண்டு சதவீத எடை வித்தியாசம் வரும், கார்பன் டை ஆக்சைடும் அதே இரண்டு சதவீதம்தான் குறையும், ஏனென்றால் சேர்மானம் அப்படியே இருக்கிறது. ஆகவே கையில் அடர்த்தி மானியின் அளவு ஒன்று மட்டும் இருந்தால், அதை முதலில் 15 டிகிரிக்குத் திருத்திய பிறகே கார்பன் பங்கை ஊகிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் சூட்டினால் இளகிய பெட்ரோலை, அரோமாட்டிக் குறைந்த பெட்ரோல் என்று எடுத்துக்கொள்வோம்.

எத்தனால் கலந்தால்? அடர்த்திக்கும் கார்பன் பங்குக்கும் இடையே இதுவரை சொன்ன உறவு அங்கே முறிந்துவிடும். எத்தனால் 0.789 என்று பெட்ரோலைவிடக் கனம், ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன், கார்பன் வெறும் 52 சதவீதம். லிட்டருக்கு 1.51 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான் தரும். நமது மாதிரிப் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் சேர்த்தால் 2.36 என்பது 2.28 ஆகிறது. இதைப் பார்த்துவிட்டு, புகைக்குழாயில் கார்பன் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். எத்தனாலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல் ஆற்றல்தான், பெட்ரோலில் 32. அதே தூரம் போக அதிக லிட்டர் எரியும், ஆற்றலுக்கு வகுத்துப் பார்த்தால் இரண்டும் மெகாஜூலுக்கு 70 சொச்சம் கிராம். எத்தனாலின் கார்பன் செடி காற்றிலிருந்து எடுத்தது என்ற வாதம் தனி, அது புகைக்குழாய்க் கணக்கில் வராது. அதேபோல எண்ணெய் தோண்டுவதிலும் சுத்திகரிப்பதிலும் வெளியாகும் கார்பனும் இந்த 2.36-இல் இல்லை.

எல்லாக் கார்பனும் கார்பன் டை ஆக்சைடாகத்தான் வருமா என்று கேட்கலாம். முழுக்க இல்லை. கொஞ்சம் கார்பன் மோனாக்சைடாகவும், கொஞ்சம் எரியாத ஹைட்ரோகார்பனாகவும் போகும். முன்பெல்லாம் அதற்காக 99 சதவீதம்தான் எரிகிறது என்று ஒரு சதவீதம் கழிப்பார்கள். இப்போது பொதுவாகக் கழிப்பதில்லை, காரணம் வினையூக்கி மாற்றி அந்த மிச்சத்தையும் பெரும்பாலும் எரித்துவிடுகிறது, தப்பிப்போகும் மோனாக்சைடும் வளிமண்டலத்தில் சில மாதங்களுக்குள் கார்பன் டை ஆக்சைடாகவே மாறிவிடுகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. வண்டிகளின் எரிபொருள் செலவை ஆய்வகத்தில் சோதிக்கும்போது பெரும்பாலும் டேங்க்கில் எவ்வளவு குறைந்தது என்று அளப்பதில்லை. புகையைச் சேகரித்து, அதில் உள்ள கார்பன் டை ஆக்சைடு, மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் மூன்றிலும் எத்தனை கிராம் கார்பன் இருக்கிறது என்று கூட்டி, எரிபொருளில் லிட்டருக்கு இருக்கும் கார்பனால் வகுத்துவிடுகிறார்கள். அமெரிக்க முறையில் ஹைட்ரோகார்பனைப் பெருக்கும் எண் 0.866. நமது காகிதக் கலவையில் வந்த அதே 86.6 சதவீதம்.

ஆகவே ஒரு வண்டியின் விவரத் தாளில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற இரண்டு எண்களும் இருந்தால் ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். லிட்டருக்கு 20 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 118 கிராம் என்றால் 2,360 கிராம், எத்தனால் இல்லாத பெட்ரோல். 2,280 பக்கம் வந்தால் பத்து சதவீத எத்தனால் கலந்த எரிபொருளில் சோதித்திருக்கலாம். 2,650 வந்தால் அது டீசல் வண்டி. 1,900 வந்தால் இரண்டு எண்களும் ஒரே சோதனையில் எடுத்தவை இல்லை என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.