எழுத்து ஒன்று, காதல் வசனம் இரண்டு: மாண்டரினும் கான்டனீஸும்

சீன மொழியைப் பற்றி அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு: "பேச்சுதான் வேறு வேறு, எழுத்து எல்லாருக்கும் ஒன்று, எழுதிக் காட்டினால் புரிந்துவிடும்." 5 என்ற எண்ணை நாம் ஐந்து என்றும் இந்திக்காரர் பாஞ்ச் என்றும் படிக்கிற மாதிரிதான் இதுவும் என்று விளக்குவார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே உடைகிறது என்று பார்க்க காதல் வசனங்களைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் விளக்கம் சரியாகப் பொருந்துகிற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்பதற்குச் சீனத்தில் மூன்று எழுத்து: நான், காதல், நீ. பெய்ஜிங்கில் இதை "வோ ஐ நீ" என்று படிப்பார்கள் (ஆமாம், அங்கேயும் நீ என்றால் நீதான், தற்செயல்). அதே மூன்று எழுத்தை ஹாங்காங்கில் "ஙோ ஓய் நெய்" என்பார்கள். கேட்க சம்பந்தமே இல்லாததுபோல இருந்தாலும் உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெய்ஜிங்கின் பேச்சான மாண்டரினில் "ஐ" என்று முடியும் பல சொற்கள் ஹாங்காங்கின் பேச்சான கான்டனீஸில் "ஓய்" என்று முடியும். கடல் அங்கே ஹை, இங்கே ஹோய். வருவது அங்கே லை, இங்கே லோய். காதலும் அப்படியே, ஐ, ஓய். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய ஒரே உச்சரிப்பிலிருந்து இரண்டும் தனித்தனியாக விலகி வந்த தடம் இது. "நான்" என்ற சொல்லின் முன்னால் இருந்த பழைய ங் ஒலியைத் தெற்கு வைத்துக்கொண்டது, பெய்ஜிங் தொலைத்துவிட்டது.

சரி, இது சுலபமான கேஸ். ஆனால் காதலில் இருப்பவர்கள் நாள் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தையே பேசிக்கொண்டிருப்பதில்லையே. பெய்ஜிங் பையன் ஒருவன் ஹாங்காங் பெண்ணுக்கு "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, உன் நினைப்பாவே இருக்கு" என்று செய்தி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாண்டரினில் அது "வோ ஷீஹுவான் நீ, வோ ஹென் ஷியாங் நீ", மொத்தம் எட்டு எழுத்து. அந்தப் பெண் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வாள், ஒரு எழுத்துகூடத் தடுக்காது. சத்தமாகப் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்துக்கும் கான்டனீஸ் ஒலி கொடுத்து "ஙோ ஹெய்ஃபுன் நெய், ஙோ ஹன் ஸோங் நெய்" என்று படித்தும்விடுவாள். ஆனால் இதை எந்த ஹாங்காங்காரரும் நேரில் யாரிடமும் சொல்ல மாட்டார். அவள் தன் வாயால் சொல்வதானால் "ஙோ ஜுங்யீ நெய், ஙோ ஹோவ் குவாஜூ நெய்" என்பாள். பிடிப்பதற்கு வேறு சொல், "ரொம்ப" என்பதற்கு வேறு சொல், நினைத்து ஏங்குவதற்கு வேறு சொல். இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால் இரண்டிலும் மிஞ்சுவது நானும் நீயும் மட்டும்தான், நடுவில் இருந்த காதல் முழுக்க மாறிப்போயிருக்கும்!

அதிலும் "ஸோங்" இன்னும் வம்பு. அந்த எழுத்துக்கு மாண்டரினில் நினைப்பது, விரும்புவது, ஏங்குவது எல்லாம் அர்த்தம் உண்டு, கான்டனீஸ் பேச்சில் அது பெரும்பாலும் "ஒன்றைச் செய்ய விரும்புவது" பக்கம் நின்றுவிட்டது. அதனால் "ஙோ ஸோங் நெய்" என்று பேச்சில் சொன்னால் "நீ வந்து..." என்று இழுத்த மாதிரி, எதிரே இருப்பவர் மீதியைக் கேட்கக் காத்திருப்பார்.

இதெல்லாம் ஏன் இப்படி என்றால், எல்லாருக்கும் பொது என்று சொல்லப்படும் இன்றைய எழுத்துநடை உண்மையில் பொதுவானது இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய இலக்கிய நடையைக் கைவிட்டுப் பேச்சை ஒட்டி எழுதுவது என்று முடிவானபோது, எடுத்துக்கொண்டது வடக்கின் பேச்சை. ஆக ஹாங்காங் குழந்தை பள்ளியில் எழுதப் பழகுவது மாண்டரினின் சொற்களையும் இலக்கணத்தையும், படிப்பது மட்டும் பல பள்ளிகளில் கான்டனீஸ் ஒலியில். ஹாங்காங் காதல் பாடல்களும் பெரும்பாலும் இந்த எழுத்துநடையில்தான் எழுதப்படுகின்றன, அதனால்தான் பாட்டில் "ஹெய்ஃபுன் நெய்" என்று உருகுகிறவர் மைக்கைக் கீழே வைத்ததும் "ஜுங்யீ" என்கிறார்.

எதிர்த்திசையில் போனால் இன்னும் வேடிக்கை. ஹாங்காங்காரர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும்போது பேசுகிறபடியே எழுதுவார்கள், அதற்கென்றே தனி எழுத்துகளும் ஒலிக்காகக் கடன் வாங்கிய எழுத்துகளும் வைத்திருக்கிறார்கள். முத்தம் கொடுப்பதற்குக் கான்டனீஸில் "ஸெக்". அதற்கு வழக்கமாக எழுதுவது வெள்ளீயம் என்ற உலோகத்தின் எழுத்தை, ஒலி பொருந்துகிறது என்பதால். கான்டனீஸ் தெரியாத பெய்ஜிங்காரர் திரையில் பார்ப்பது "என்னை ஒரு வாய் வெள்ளீயம்". எழுத்து தெரியும், ஒலிக்கவும் தெரியும், அர்த்தம் மட்டும் வராது. எழுதிக் காட்டினால் புரிந்துவிடும் என்பது இப்படி ஒருவழிப் பாதையாகத்தான் இருக்கிறது.

எண் விளையாட்டு வேறு இருக்கிறது. சீனாவில் 520 என்று அனுப்பினால் காதலிக்கிறேன் என்று அர்த்தம், மே 20 அதற்காகவே ஒரு காதலர் தினமாகிவிட்டது. 5, 2, 0 என்பதை மாண்டரினில் "வூ அர் லிங்" என்று படிக்க வேண்டும், "வோ ஐ நீ"க்கு ஓரளவு கிட்டே வருகிறது, முதல் இரண்டு அசைகளில் குரல் ஏற்ற இறக்கமான சுரமும் ஒன்றே. கான்டனீஸில் இதே எண்கள் "ங் யீ லிங்". முதல் அசை மோசமில்லை, ங் ஒலியும் சுரமும் "ஙோ"வோடு ஒத்துப்போகின்றன. கடைசி அசையைக்கூட மன்னிக்கலாம், ஏனென்றால் ஹாங்காங்கில் நிறையப் பேர் ந-வை ல-வாக்கி "நெய்"யை "லெய்" என்கிறார்கள். கெடுப்பது நடுவில் இருக்கும் 2. "யீ"க்கும் "ஓய்"க்கும் எந்த ஒட்டும் இல்லை. ஹாங்காங் கடைகளும் மே 20-க்குத் தள்ளுபடி போடத்தான் செய்கின்றன, ஆனால் அது வடக்கிலிருந்து இறக்குமதியான சிலேடை, காதில் கேட்டுச் சிரிக்க முடியாது. 1314 அப்படி இல்லை. "வாழ்நாள் முழுக்க" என்ற தொடர் மாண்டரினில் "யீ ஷெங் யீ ஷி", எண்ணாகப் படித்தால் "யீ ஸான் யீ ஸி". கான்டனீஸில் தொடர் "யட் ஸாங் யட் ஸை", எண் "யட் ஸாம் யட் ஸெய்". இரண்டு ஊரிலும் வேலை செய்கிறது. எது ஒட்டும், எது ஒட்டாது என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்தந்த மொழியில் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், முதலில் சொன்ன அந்தச் சுலபமான வாக்கியம்கூட இன்றைக்கு ஹாங்காங் தெருவில் ஒரே மாதிரி கேட்காது. இளையவர்கள் முன்னால் வரும் ங்-வை விட்டுவிட்டு, ந-வையும் மாற்றி, "ஓ ஓய் லெய்" என்பார்கள். இதற்கு அங்கே சோம்பல் உச்சரிப்பு என்றே பெயர். இதற்குப் பயந்து திருத்தமாகப் பேச நினைக்கிறவர்களில் சிலர் ங் இல்லாத இடத்திலும் அதைச் சேர்த்து "ஙோ ஙோய் நெய்" என்கிறார்கள். அகராதிகள் முதலிடம் கொடுப்பது வெறும் "ஓய்"க்குத்தான். எங்கே ங் வர வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: கான்டனீஸின் ஆறு சுரங்களில் மேல் வரிசை மூன்றில் உள்ள சொல் என்றால் பொதுவாக ங் கிடையாது, கீழ் வரிசை மூன்று என்றால் உண்டு. "நான்" கீழ் வரிசை, "காதல்" மேல் வரிசை. இந்த விதியைப் பார்த்துக்கொண்டு யாரும் காதலைச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.