லஞ்சமே இல்லாம ஒரு கண்காணிப்பு ஆபீஸ் எப்படி கம்பெனி பக்கம் சாயுது

கண்காணிக்க வேண்டிய அரசு ஆபீஸ், அந்த கம்பெனிக்கே வேலை செய்யுதுன்னு கேட்டா உடனே நமக்கு லஞ்சம்தான் ஞாபகம் வரும். ஆனா யாரும் ஒரு பைசா வாங்காமலே இது நடக்கும், அதுக்கு நான் பாத்ததுலயே தெளிவான உதாரணம் அமெரிக்காவோட விமானப் பாதுகாப்பு ஆபீஸான எஃப்.ஏ.ஏ-வும் போயிங் 737 மேக்ஸும்தான்.

ஒரு புது விமானத்துல செக் பண்ண வேண்டியது ஆயிரக்கணக்கான விஷயம், அத்தனைக்கும் ஆள் போட அரசாங்கத்துகிட்ட காசு கிடையாது, அந்த விமானத்தைப் பத்தி முழுசா தெரிஞ்சவங்களும் கம்பெனிக்குள்ளதான் இருக்காங்க. அதனால கம்பெனி இன்ஜினியர்ல சிலர்கிட்டயே "அரசாங்கம் சார்பா நீங்க பாத்து கையெழுத்து போடுங்க"ன்னு குடுக்கறது ரொம்ப காலமா இருக்கற பழக்கம். முன்னாடி அந்த இன்ஜினியரை நியமிச்சது எஃப்.ஏ.ஏ, சம்பளம் கம்பெனி குடுத்தாலும் அவர் பதில் சொன்னது எஃப்.ஏ.ஏ இன்ஜினியருக்கு, ஒரு சந்தேகம்னா நேரா போன் போட்டு பேசலாம். 2005-ல விதியை மாத்தினாங்க, போயிங்ல 2009-ல அது நடைமுறைக்கு வந்துச்சு. அப்புறம் ஆளை தேர்ந்தெடுக்கறதே கம்பெனி, அவருக்கு மேல இருக்கறது கம்பெனி மேனேஜர். இது ஏதோ பேப்பர்ல நடந்த சின்ன மாத்தம் மாதிரி தெரியும், ஆனா வினை ஆரம்பிச்சது இங்கதான்னு நான் நினைக்கறேன், ஏன்னா ப்ராஜெக்ட் லேட் ஆனா யார் தன்னை கூப்பிட்டு கேள்வி கேப்பாங்கன்னு அந்த இன்ஜினியருக்கு நல்லாவே தெரியும். 2016-ல போயிங் தன்னோட இந்த ஆட்கள்கிட்டயே சர்வே எடுத்தப்போ, பதில் சொன்னவங்கள்ல 39 சதவீதம் பேர் தேவையில்லாத பிரஷர் இருக்குன்னு சொன்னாங்க.

இதோட விளைவு என்னன்னு ஒரே ஒரு நம்பரை பின்தொடர்ந்து போனா புரியும். மேக்ஸ்ல எம்கேஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, விமானத்தோட மூக்கு ரொம்ப மேல தூக்கினா அது வால் இறக்கையை திருப்பி மூக்கை கீழ இறக்கும். முதல் டிசைன்ல ஒரு தடவைக்கு அதிகபட்சம் 0.6 டிகிரிதான் திருப்பும். டெஸ்ட் ஃபிளைட்ல பத்தலன்னு அதை 2.5 டிகிரி ஆக்கினாங்க, அதாவது நாலு மடங்குக்கு மேல. ஆனா பைலட்டுக்கு என்ன ட்ரெய்னிங் வேணும்னு முடிவு பண்ற எஃப்.ஏ.ஏ பிரிவுக்கு இந்த மாத்தத்தை போயிங் சொல்லவே இல்ல. 2016 மார்ச்ல பைலட் மேனுவல்ல இருந்து எம்கேஸ் பத்தின பேச்சையே எடுத்துடலாமான்னு போயிங் கேட்டுச்சு, பழைய பலவீனமான சாஃப்ட்வேர்னே நினைச்சுட்டு இருந்த எஃப்.ஏ.ஏ சரின்னுடுச்சு. போயிங்குக்கு இதுல அவ்வளவு அக்கறை ஏன்னா, சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ்கூட போட்ட ஒப்பந்தத்துல, பைலட்டுக்கு சிமுலேட்டர் ட்ரெய்னிங் தேவைப்பட்டா விமானத்துக்கு 10 லட்சம் டாலர் கழிச்சுக்கணும்னு இருந்துச்சு.

இதுல முக்கியமானது, அன்னைக்கு சரின்னு சொன்ன அதிகாரிக்கு தான் தப்பு பண்றோம்னு தோணவே வாய்ப்பில்ல. அவர் பாக்கற விமானமே போயிங் காட்டின விமானம்தான். வேலியே பயிரை மேயற கதைன்னு சொல்வாங்க, இங்க வேலி மேயல, எது பயிர் எது களைன்னு வேலிக்கு சொல்லிக்குடுத்ததே மாடுதான்.

2018 அக்டோபர் 29, ஜகார்த்தால இருந்து கிளம்பின லயன் ஏர் மேக்ஸ் விமானத்துல, மூக்கு எவ்வளவு மேல தூக்கியிருக்குன்னு சொல்ற ஒரு சென்சார் 21 டிகிரி தப்பா காட்டுச்சு. விமானத்துல ரெண்டு சென்சார் இருந்தும் எம்கேஸ் ஒண்ணை மட்டும்தான் கேக்கும், அதனால மூக்கு மேல போகுதுன்னு நம்பி திரும்ப திரும்ப கீழ அழுத்துச்சு, தங்களை எதிர்த்து எது இழுக்குதுன்னே தெரியாம பைலட்டுங்க 20 தடவைக்கு மேல மல்லுக்கட்டினாங்க. 189 பேர் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறல. டிசம்பர்ல எஃப்.ஏ.ஏ-வே ஒரு கணக்கு போட்டுச்சு, சாஃப்ட்வேரை சரி பண்ணலன்னா இந்த வகை விமானங்களோட மொத்த ஆயுசுல இன்னும் 15 விபத்து நடக்கலாம்னு வந்துச்சு. கணக்கு கைல இருந்தும், போயிங் சரி பண்ணிட்டு இருக்கு, அதுவரைக்கும் பைலட்டுக்கு ஒரு அறிவுரை போதும்னு பறக்க விட்டாங்க. 2019 மார்ச் 10 எத்தியோப்பியால அடுத்த விமானம் விழுந்து 157 பேர். மறுநாளே சீனா மேக்ஸை பறக்க விடாம நிறுத்திடுச்சு, அமெரிக்கா நிறுத்தினது 13-ஆம் தேதி.

ஒரு ஆபீஸ் இப்படி சாஞ்சுடுச்சான்னு கண்டுபிடிக்க, அதோட சொந்த நிபுணர்களும் மேலதிகாரிகளும் முரண்படற இடத்தை பாக்கணும். மேக்ஸ்ல இன்ஜின் வெடிச்சு துண்டு தெறிச்சா, விமானத்தோட மூக்கை இடது வலதா திருப்பற ரட்டரோட கேபிள் அறுந்துடலாம், டிசைனை மாத்தணும்னு எஃப்.ஏ.ஏ நிபுணர்கள் சொன்னாங்க, அவங்களோட மேலதிகாரிகளே போயிங் பக்கம் நின்னு அதை தள்ளிட்டாங்க. அதே மாதிரி, 2000-கள்ல இந்த ஆபீஸ் ஏர்லைன்ஸ்களை "கஸ்டமர்"னே கூப்பிட்டுட்டு இருந்துச்சு, அந்த வார்த்தையை விட்டது 2009-லதான். கஸ்டமர்னு ஒருத்தரை கூப்பிட ஆரம்பிச்சா அவருக்கு லேட் ஆகக்கூடாதுங்கறதுதான் முதல் கவலையா இருக்கும்.

2020 டிசம்பர்ல புது சட்டம் வந்துச்சு, கையெழுத்து போடற கம்பெனி ஆட்களை இனி எஃப்.ஏ.ஏ ஒப்புக்கணும், அவங்களுக்கு பிரஷர் குடுத்தா அபராதம். ஒவ்வொரு மேக்ஸையும் டெலிவரிக்கு முன்னாடி பாத்து சர்டிஃபிகேட் குடுக்கற வேலையை எஃப்.ஏ.ஏ 2019-லயே போயிங்கிட்ட இருந்து பிடுங்கிடுச்சு. 2025 செப்டம்பர்ல அதுல பாதியை திருப்பிக் குடுத்துட்டாங்க, அதுபடி ஒரு வாரம் எஃப்.ஏ.ஏ கையெழுத்து, அடுத்த வாரம் போயிங் கையெழுத்து.