ஆய்வக அறிக்கையில் பெயர்ச்சொல் அடுக்குக்குள் புதையும் வினை

கிணற்று நீரின் கடினத்தன்மையை அளப்பது கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் வழக்கமாக நடக்கும் சோதனை. அதன் அறிக்கைகளில் பின்வரும் வகை வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும்:

“கிணற்று நீர் மாதிரி மொத்தக் கடினத்தன்மை அளவு நிர்ணயச் சோதனையானது இ.டி.டி.ஏ. கரைசலைப் பயன்படுத்துவதன் மூலமாக மேற்கொள்ளப்பட்ட நிலையில், நிறமாற்றம் ஏற்படுதல் என்பது கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து பியூரெட் அளவீட்டுப் பதிவு செய்தல் பணி நிறைவு செய்யப்பட்டது.”

இதில் இலக்கணப் பிழை என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு வேறொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. எவ்வளவு நீரை எடுத்தார்கள், கரைசலின் செறிவு என்ன, எந்த நிறம் எந்த நிறமாக மாறியபோது நிறுத்தினார்கள் என்பவை எல்லாம் விடுபட்டிருக்கின்றன. இத்தனை சொற்களைச் செலவிட்ட பின்பும் தேவையான செய்தி மட்டும் இல்லாமற்போனது எப்படி என்று பார்த்தால், சொற்சுருக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதும் விளங்கும்.

முதலில், ஆய்வகத்தில் உண்மையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கூம்புக் குடுவையில் 50 மி.லி. கிணற்று நீரை எடுத்து, கரைசலின் பி.எச். மதிப்பு 10 அளவில் நிற்பதற்காக அம்மோனியாத் தாங்கல் கரைசலைச் சேர்த்து, எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சிறிது இட்டால், நீரிலுள்ள மெக்னீசியத்தோடு நிறங்காட்டி இணைந்து ஒயின் சிவப்பு நிறம் தோன்றும். பியூரெட்டிலிருந்து 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, அது முதலில் தனியாக இருக்கும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளைப் பற்றிக்கொள்கிறது; கடைசியாக நிறங்காட்டியிடம் இருக்கும் மெக்னீசியத்தையும் பறித்துக்கொள்கிறது. தனித்துவிடப்பட்ட நிறங்காட்டி நீலமாகிறது. அந்தக் கணத்தில் பியூரெட் காட்டும் அளவே நமக்கு வேண்டிய எண்.

இப்போது மேலுள்ள வாக்கியத்துக்குத் திரும்புவோம். அதில் நடந்த செயல்கள் இரண்டுதான்: கடினத்தன்மையை அளந்தார்கள், அளவைக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் ‘அளந்தோம்’, ‘குறித்தோம்’ என்ற வினைகள் எங்கும் இல்லை. முதலாவது ‘அளவு நிர்ணயச் சோதனை’ என்றும், இரண்டாவது ‘அளவீட்டுப் பதிவு செய்தல் பணி’ என்றும் பெயர்களாகிவிட்டன. வினை பெயராகிவிட்டால் வாக்கியத்தை முடிக்க வேறொரு வினை வேண்டும். அந்த இடத்தை நிரப்பத்தான் ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘நிறைவு செய்யப்பட்டது’ போன்றவை வருகின்றன. இவை எந்தச் சோதனைக்கும் பொருந்தும் என்பதே இவற்றின் குறை. நீரை அளந்தாலும் ஊசலை ஆட்டினாலும் இலையை நசுக்கினாலும் ‘மேற்கொள்ளப்பட்டது’ என்று எழுதிவிடலாம்.

நீளம் கூடுவது மட்டுமே கேடு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கேடு வேறு. ‘அளந்தோம்’ என்று எழுதியவுடன் எதை, எதனால், எவ்வளவு எடுத்து என்ற கேள்விகள் வந்து நிற்கின்றன. விடை தராவிட்டால் வாக்கியம் மொட்டையாகத் தெரிகிறது. ‘அளவீடு’ என்ற பெயரோ இப்படி எதையும் கேட்பதில்லை. செயப்படுபொருளும் கருவியும் அளவும் இல்லாமலே அது முழுமையாக நிற்பதுபோல் தோன்றும். ஆகவே வினையைப் பெயராக்கும்போது, எழுதுபவர் விட்டுவிட்ட செய்தி அவர் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகிறது.

இதனால் எண்ணே பிழைபடக்கூடும். அதே சோதனையின் இரண்டாம் பகுதியில், நீரைக் கொதிக்க வைத்தால் நீங்கும் தற்காலிகக் கடினத்தன்மையைக் கண்டறிவார்கள். கொதிக்கும்போது கால்சியம் பைகார்பனேட் கரையாத கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும். அதை வடிகட்டிவிட்டு மீதியை முன்போலவே பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. விட்டுத் தரம் பார்க்க வேண்டும். இதை “கொதிக்க வைத்தல், வடிகட்டுதல் மற்றும் கன அளவு சரிசெய்தல் ஆகிய செயல்முறைகள் மேற்கொள்ளப்பட்டன” என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிக்கச் சீராகத்தான் இருக்கிறது. வினைகளாக மாற்றிப் பாருங்கள்: “250 மி.லி. நீரைக் கொதிக்க வைத்து, ஆறியபின் வடிகட்டி, காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து மீண்டும் 250 மி.லி. ஆக்கினோம்.” எதைச் சேர்த்தார்கள், எந்த அளவு வரை சேர்த்தார்கள் என்பவற்றைச் சொல்லாமல் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

அந்த இரண்டு செய்திகளும் அற்பமானவை அல்ல. கொதிக்க வைப்பதற்கு முன் 50 மி.லி. நீருக்கு 16.2 மி.லி. இ.டி.டி.ஏ. செலவானது என்று கொள்வோம். 0.01 மோலார் கரைசலில் 1 மி.லி. என்பது 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். எனவே கடினத்தன்மை லிட்டருக்கு 324 மி.கி. கொதிக்க வைத்துக் கன அளவை ஈடுசெய்த நீருக்கு 9.7 மி.லி. செலவானால் எஞ்சியது 194 மி.கி.; தற்காலிகக் கடினத்தன்மை 130 மி.கி. ஆனால் ஆவியாகி 200 மி.லி. ஆகிவிட்ட நீரை ஈடுசெய்யாமல் அப்படியே எடுத்தால், உப்புகள் செறிந்து எஞ்சியது ஏறத்தாழ 243 மி.கி. என்று காட்டும், தற்காலிகக் கடினத்தன்மை 81 மி.கி. ஆகச் சுருங்கிவிடும். ‘கன அளவு சரிசெய்தல்’ என்ற தொடர் இந்த இரண்டில் எது நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

அடுத்து, பெயர்களை அடுக்குவது. ‘கிணற்று நீர் மாதிரி மொத்தக் கடினத்தன்மை அளவு நிர்ணயச் சோதனை’ என்பதில் வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் தொக்கு நிற்கின்றன. தொகைச்சொல் தமிழுக்குப் புதிதல்ல. உருபு மறையும்போது பொருள் மயங்கக்கூடும் என்பதும் நம் இலக்கணக்காரர்களுக்குத் தெரியும். ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் சொல்கிறது. இரண்டு சொற்கள் சேர்ந்தாலே இந்த நிலை என்றால், ஏழெட்டுச் சொற்களை உருபில்லாமல் கோத்தால் எது எதனோடு சேர்கிறது என்று படிப்பவர் ஊகித்துக்கொண்டே போக வேண்டியதுதான். அதோடு, தமிழில் அடுக்கின் தலைச்சொல் கடைசியில்தான் வரும். ‘சோதனை’ என்ற சொல்லை எட்டும்வரை முன்னால் வந்த பெயர்களை எல்லாம் இன்னதற்கு அடை என்று தெரியாமலே நினைவில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுக்கைப் பிரிக்கும் வழி எளிது: வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ‘கொதிநீர் மாதிரி கடினத்தன்மை குறைவு அளவீடு’ என்ற அட்டவணைத் தலைப்பை எடுத்துக்கொள்வோம். கடைசியில் இருப்பது ‘அளவீடு’. அதை ‘அளந்தோம்’ ஆக்கலாம். எதை அளந்தோம்? குறைவை. இங்கே நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் குறைவு என்பது கொதிக்க வைத்ததால் ஏற்பட்ட இறக்கமா, கொதிக்க வைத்த நீரில் இருக்கும் குறைந்த அளவா என்று தலைப்பு சொல்லவில்லை. முன்னது 130, பின்னது 194. எழுதியவருக்கு மட்டுமே விடை தெரியும். விடை முன்னது என்றால் “கொதிக்க வைத்ததால் குறைந்த கடினத்தன்மை” என்றும், பின்னது என்றால் “கொதிக்க வைத்தபின் எஞ்சிய கடினத்தன்மை” என்றும் எழுதிவிட்டால் போதும். இரண்டும் மூலத்தைவிட ஒரு சொல் குறைவு. உருபும் எச்சமும் வந்ததால் மயக்கமும் இல்லை.

மிகைத் தொடர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘பயன்படுத்துவதன் மூலமாக’ என்பதை மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபு செய்துவிடும். ‘சோதனையானது’ என்பதில் ‘ஆனது’ வெறும் சுமை. ‘நிறமாற்றம் ஏற்படுதல் என்பது கண்டறியப்பட்டது’ என்றால் ‘நிறம் மாறியது’. ‘செய்யும் நோக்கத்தின் அடிப்படையில்’ என்றால் ‘செய்ய’. பக்கத்தை நிரப்பினால் மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை இவற்றை வாழவைக்கிறது என்பது என் எண்ணம்.

இவற்றை நீக்கி, வினைகளை மீட்டால் முதல் வாக்கியம் இப்படியாகும்: “50 மி.லி. கிணற்று நீரின் மொத்தக் கடினத்தன்மையை 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலால் தரம் பார்த்து அளந்தோம். கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறியதும் பியூரெட் அளவைக் குறித்தோம்.” மூலத்தைவிடச் சற்றே குறுகியது, மூலத்தில் இல்லாத கன அளவு, செறிவு, நிறங்கள் ஆகியவை உள்ளே வந்துவிட்டன. சுருக்கும் வேகத்தில் ‘மாறியதும்’ என்பதை ‘மாறி’ என்று குறைத்துவிடக் கூடாது. ‘கரைசல் நீலமாக மாறி அளவைக் குறித்தோம்’ என்றால் மாறியதற்கும் குறித்ததற்கும் ஒரே எழுவாய் என்றாகிவிடும்.

எல்லா அடுக்கையும் பிரிக்க வேண்டும் என்பதில்லை. ‘தாங்கல் கரைசல்’, ‘கூம்புக் குடுவை’ ஆகியவை துறையில் ஒற்றைப் பெயராக நிலைத்தவை. பிரித்தால் வாசகர்தான் தடுமாறுவார். செயப்பாட்டு வினையையும் முற்றாக விலக்கத் தேவையில்லை. ‘நிறங்காட்டி எத்தனாலில் கரைக்கப்பட்டிருந்தது’ என்பதில் கரைத்தவர் யார் என்பது யாருக்கும் வேண்டாத செய்தி.

வெட்டும்போது மிகவும் கவனிக்க வேண்டியது அளவையும் உறுதியையும் வரையறுக்கும் சொற்களை. ‘மொத்தக் கடினத்தன்மை’ என்பதில் ‘மொத்த’ என்பது மிகைபோல் தோன்றும். ஆனால் பி.எச். 10இல் எரியோகுரோம் பிளாக் டி காட்டுவது கால்சியம், மெக்னீசியம் இரண்டின் கூட்டுத்தொகையை. கால்சியத்தால் மட்டும் வரும் கடினத்தன்மை வேண்டுமானால் பி.எச். மதிப்பை 12க்கு மேல் உயர்த்தி, மெக்னீசியத்தை ஹைட்ராக்சைடாகப் படியவிட்டு, மியூரெக்சைடு போன்ற வேறு நிறங்காட்டியால் தரம் பார்க்க வேண்டும். ‘மொத்த’ என்பதை அடித்துவிட்டால் 324 என்ற எண் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் போகும். அதேபோல் “இக்கிணற்று நீரில் கால்சியமே மிகுதியாக இருக்கலாம்” என்ற முடிவிலிருந்து ‘லாம்’ என்பதை நீக்கி ‘இருக்கிறது’ ஆக்கினால் வாக்கியம் நேரடியாகும். ஆனால் முதல் சோதனை மட்டும் செய்தவரால் அப்படிச் சொல்ல இயலாது.